வில்லங்கம் இல்லாத சொத்தில் விடுபட்ட ஒரு வாரிசு: வீட்டுக் கடன் ஆய்வு ஒன்றின் முழுப் பதிவு

பின்னணி

இந்த நிகழ்வு 2024-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டின் ஒரு நகரத்தையொட்டிய விரிவாக்கப் பகுதியில் நடந்தது. சொத்தின் மீது கடன் கொடுக்கும் நிறுவனத்தில் ஆவணப் பரிசீலனைப் பிரிவில் பணியாற்றும் நான், இதை ஆரம்பம் முதல் முடிவு வரை உடனிருந்து பார்த்தேன். சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கடன் கேட்டவர்கள் இருவரும் மாதச் சம்பளம் வாங்கும் ஒரு தம்பதியர். அவர்கள் வாங்க விரும்பியது ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 2,400 சதுர அடியில், தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டப்பட்ட தனி வீடு. விலை 62 லட்சம் ரூபாய் என்று பேசி முடித்து, 5 லட்சம் முன்பணம் கொடுத்து, 90 நாள் கெடுவுடன் விற்பனை ஒப்பந்தமும் எழுதிவிட்டார்கள். கெடுவுக்குள் கிரயம் முடிக்காவிட்டால் முன்பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை இல்லை என்று அதில் ஒரு வரி இருந்தது. நிறுவனத்திடம் அவர்கள் கேட்ட கடன் 48 லட்சம். வருமானம், பழைய கடன்களைக் கட்டிய வரலாறு ஆகியவற்றில் எந்தக் குறையும் இல்லாததால், கடன் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் முன்பணம் கொடுத்திருந்தார்கள்.

ஆனால் விண்ணப்பதாரரின் தகுதி வேறு, சொத்தின் தகுதி வேறு. அடமானமாக வரும் சொத்து, கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் போகும் நாளில் விற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பதே கடன் கொடுப்பவரின் அக்கறை. அதனால் வழக்கறிஞர் ஒருவர் உரிமையையும், பொறியாளரான மதிப்பீட்டாளர் ஒருவர் இடத்தையும் கட்டடத்தையும் தனித்தனியே ஆய்வு செய்வார்கள்.

கையில் இருந்த ஆவணங்கள்

விற்பவர்கள் ஒரு தாயும் அவருடைய இரண்டு மகன்களும். குடும்பத் தலைவர் 1996-இல் அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் இந்த மனையைத் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கினார். 1998-இல் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் அடமானக் கடன் பெற்றுத் தரைத்தளத்தைக் கட்டினார். 2005-இல் அந்தக் கடன் தீர்ந்து, ரசீதும் முறையாகப் பதிவாகியிருந்தது. 2006-இல் முதல் தளம் எழும்பியது. 2009-இல், தம்முடைய 44-ஆவது வயதில், உயில் எதுவும் எழுதாமல் அவர் இறந்துபோனார்.

2014-இல் வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழில் மனைவி, இரண்டு மகன்கள், ஒரு மகள் என நால்வர் பெயர் இருந்தது. மகள் 2015-இல் தம் பங்கைத் தாய்க்கும் சகோதரர்களுக்கும் விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் பதிவு செய்திருந்தார். அதன்பின் பட்டாவும் மூவர் பெயருக்குக் கூட்டாக மாறியிருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு எடுத்த வில்லங்கச் சான்றில் 1996 கிரயம், 1998 அடமானம், 2005 ரசீது, 2015 விடுதலை ஆகிய நான்கு பதிவுகளைத் தவிர வேறொன்றும் இல்லை. மத்திய அரசின் பிணையப் பதிவேட்டில் தேடியபோதும் இந்தச் சொத்தின் மீது வேறு கடன் எதுவும் தெரியவில்லை.

இத்தகைய கோப்பைப் பார்க்கும் பலர், தரகர் உட்பட, "சுத்தமான சொத்து" என்றே சொல்வார்கள். இந்தக் கோப்பையும் அப்படித்தான் எங்களிடம் கொண்டுவந்தார்கள்.

வழக்கறிஞர் கண்டது

வழக்கறிஞர் முதலில் செய்தது வில்லங்கத் தேடலைப் பழைய சர்வே எண்ணுக்கும் விரித்துப் பார்த்தது. மனைப்பிரிவு போடப்படுவதற்கு முன் ஒரே எண்ணாக இருந்த நிலம் பின்னர் உட்பிரிவு செய்யப்பட்டிருந்தால், புதிய எண்ணை மட்டும் போட்டுத் தேடும்போது முந்தைய பதிவுகள் வராமல் போகும். அதில் பாதகமாக ஒன்றும் கிடைக்கவில்லை. மனை விற்றவருக்கு நிலம் வந்த தாய்ப்பத்திரத்தின் சான்றிட்ட நகலையும் சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கி ஒப்பிட்டார். அதுவும் சரியாகவே இருந்தது.

அவரை நிறுத்தியது தேதிகள்தான். இறந்தவருக்கு வயது 44. இறந்தது 2009, வாரிசுச் சான்றிதழ் வாங்கியது 2014. 1996 கிரயப் பத்திரத்தில் அவருடைய தந்தையின் பெயருக்கு முன் "காலஞ்சென்ற" என்று இருந்தது. எனவே தந்தை அப்போதே இல்லை. ஆனால் தாய்? 44 வயதில் இறந்த ஒருவருடைய தாய் உயிரோடு இருந்திருக்க நிறையவே வாய்ப்பு உண்டு. விற்பவர்கள் கொடுத்த காகிதக் கட்டில், முகவரிச் சான்றாக எப்போதோ இணைக்கப்பட்ட பழைய குடும்ப அட்டையின் மங்கிய நகல் ஒன்று கிடந்தது. அதில் குடும்பத் தலைவரின் பெயருக்கு நான்கு வரி கீழே ஒரு மூதாட்டியின் பெயரும், உறவு என்ற கட்டத்தில் "தாய்" என்ற சொல்லும் இருந்தன. கேட்டபோது மூத்த மகன் தயக்கமில்லாமல் சொன்னார்: "பாட்டி எங்களோடதான் இருந்தாங்க சார். அப்பா போய் மூணு வருஷம் கழிச்சு, 2012-ல தவறினாங்க."

இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய தனிச் சொத்து 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். மனைவி, மகன்கள், மகள்கள் ஆகியோருடன் இறந்தவரின் தாயும் அந்த முதல் வகுப்பில் இருக்கிறார். தந்தை அதில் இல்லை. எனவே 2009-இல் அந்த மனிதர் இறந்த கணத்திலேயே சொத்து நால்வருக்கு அல்ல, ஐவருக்குப் போய்விட்டது. ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு. இதற்குப் பத்திரமோ பதிவோ தேவையில்லை. ஆகவே வில்லங்கச் சான்றில் இது ஒருபோதும் தெரியாது.

2012-இல் பாட்டி இறந்தபோது, அவருடைய ஐந்தில் ஒரு பங்கு அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவின்படி அவருடைய பிள்ளைகளுக்குப் போனது. அவருக்குப் பிள்ளைகள் மூன்று பேர்: இறந்துபோன இந்த மகன், இன்னொரு மகன், ஒரு மகள். ஆகவே அந்தப் பங்கு மூன்றாகப் பிரிந்து, விற்பவர்களின் சித்தப்பாவுக்குப் பதினைந்தில் ஒன்று, அத்தைக்குப் பதினைந்தில் ஒன்று, முன்பே இறந்த மகனுடைய மூன்று பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பதினைந்தில் ஒன்று என்றானது. சுருங்கச் சொன்னால், விற்பனைக்கு வந்த சொத்தில் பதினைந்தில் இரண்டு பங்கு, 62 லட்சம் விலையில் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட மதிப்புள்ள பகுதி, ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடாத இரண்டு பேருக்கு உரியதாக இருந்தது.

வாரிசுச் சான்றிதழ் எப்படி இதைத் தவறவிட்டது என்ற கேள்வி எழும். விண்ணப்பித்தபோது பாட்டி உயிரோடு இல்லை. அன்று இருந்தவர்களை வைத்துச் சான்றிதழ் வழங்கப்பட்டிருக்கிறது. ஏமாற்றும் நோக்கம் அந்தக் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. உறவை அறிவதற்கு அந்தச் சான்றிதழ் உதவும். யாருக்கு எவ்வளவு உரிமை என்பதை அது தீர்மானிப்பதில்லை. பட்டாவுக்கும் இதே வரம்பு உண்டு.

வழக்கறிஞர் இன்னொரு நுணுக்கத்தையும் குறித்தார். மகள் எழுதிய விடுதலைப் பத்திரத்தில், "என் தந்தையின் வாரிசு என்ற முறையில் எனக்குள்ள பங்கை" விடுவதாக வாசகம் இருந்தது. பாட்டி வழியாக அவருக்கு வந்த நாற்பத்தைந்தில் ஒரு பங்கு அந்த வாசகத்துக்குள் அடங்குமா என்பது வாதத்துக்குரியது. பங்கு சிறியதுதான். என்றாலும் பின்னாளில் ஒரு பாகப்பிரிவினை வழக்குக்கு அது போதும்.

மதிப்பீட்டாளர் கண்டது

சட்ட ஆய்வு நடந்துகொண்டிருந்த வாரத்திலேயே மதிப்பீட்டாளர் இடத்துக்குப் போனார். பத்திரத்தில் மனையின் அளவு கிழமேல் 40 அடி, தென்வடல் 60 அடி. நாடாவைப் பிடித்து அளந்தபோது கிழமேல் 38 அடிதான் வந்தது. முன்பக்கம், நடு, பின்பக்கம் என மூன்று இடங்களில் அளந்தும் அதே அளவு. சாலைப் பக்கமோ மேற்குப் பக்கமோ குறையவில்லை. புலப்பட வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, கிழக்குப் பக்கத்து வீட்டின் சுற்றுச்சுவர் இந்த மனைக்குள் இரண்டடி உள்ளே வந்திருப்பதாகத் தெரிந்தது. இரண்டடிக்கு 60 அடி என்றால் 120 சதுர அடி.

இரண்டாவது செய்தி கட்டடம் பற்றியது. உள்ளாட்சி அமைப்பு அனுமதித்த வரைபடத்தில் தரைத்தளம் மட்டுமே, 950 சதுர அடி அளவில் இருந்தது. 2006-இல் கட்டிய 700 சதுர அடி முதல் தளத்துக்கு அனுமதி எதுவும் இல்லை. சொத்து வரி ரசீதில் இரண்டு தளங்களும் இருந்ததைக் காட்டி விற்பவர்கள் வாதாடினார்கள். வரி வசூலிப்பது அனுமதி கொடுத்ததாக ஆகாது.

மதிப்பீட்டாளர் கணக்கிட்ட விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விண்ணப்பதாரர்கள் பெரும்பாலும் குழம்புவது இங்கேதான். சுற்றுவட்டாரத்தில் அண்மையில் நடந்த விற்பனைகளை வைத்து நிலத்துக்குச் சதுர அடி 1,700 ரூபாய் என்று எடுத்துக்கொண்டார். கைவசமுள்ள 2,280 சதுர அடிக்கு அது 38,76,000 ரூபாய். தரைத்தளத்தை இன்று புதிதாகக் கட்ட சதுர அடிக்கு 1,800 வீதம் 17,10,000 ரூபாய் ஆகும். கட்டடத்தின் ஆயுள் 60 ஆண்டு, கழிந்தது 26 ஆண்டு, கடைசியில் மிஞ்சும் மதிப்பு பத்து சதவீதம் என்று கொண்டால் தேய்மானம் 39 சதவீதம்; மீதி 10,43,100 ரூபாய். இரண்டும் சேர்ந்து 49,19,100 ரூபாய்.

விட்டுப்போன 120 சதுர அடிக்கு 2,04,000 ரூபாயும், முதல் தளத்துக்குத் தேய்மானம் போக ஏறத்தாழ 8,70,000 ரூபாயும் சேர்த்திருந்தால் மொத்தம் 60 லட்சத்தை நெருங்கியிருக்கும். ஆக, பேசிய விலை அப்படியொன்றும் மிகையானதல்ல. கண்ணால் பார்க்கும் வீட்டுக்கு அது நியாயமான விலைதான். ஆனால் கடன் கொடுப்பவர் ஆவணத்தாலும் அனுமதியாலும் தாங்கப்படும் பகுதியை மட்டுமே பிணையமாக எண்ண முடியும்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதலில் கடன் தொகை. ரிசர்வ் வங்கியின் விதிப்படி, 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 80 சதவீதம்தான் உச்சவரம்பு. 49,19,100 ரூபாயில் அது 39,35,280 ரூபாய். முழுமையாக்கி 39 லட்சம் தரலாம் என்று தொழில்நுட்பப் பிரிவு பரிந்துரைத்தது. முதல் தளத்தை இடிக்க நேர்ந்தாலும் தரைத்தளம் பாதிக்கப்படாமல் நிற்குமா என்று மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் கேட்டுப் பெற்ற பின்னரே, அனுமதி பெற்ற தளத்தின் மீது மட்டும் கடன் என்ற நிலைக்கு நிறுவனம் வந்தது. முதல் தளத்துக்கு அனுமதி இல்லை என்பதை அறிந்தே வாங்குகிறோம் என்ற உறுதிமொழியையும் விண்ணப்பதாரர்களிடம் கேட்டது.

உரிமைக் குறை இதைவிடக் கடினமானது, ஏனென்றால் அதைத் தொகையைக் குறைத்துச் சரிசெய்ய முடியாது. தரகர் ஒரு யோசனை சொன்னார்: பின்னால் யாராவது உரிமை கோரினால் நாங்களே பொறுப்பு என்று விற்பவர்கள் ஓர் ஈட்டுறுதிப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடட்டும். வழக்கறிஞர் அதை ஏற்கவில்லை. அவர் சொன்னது சரி என்றே நானும் கருதினேன். அந்தப் பத்திரம் விற்றவர் மீது பணம் கேட்கும் உரிமையைத் தருமே தவிர, சித்தப்பாவின் பங்கையும் அத்தையின் பங்கையும் வாங்குபவருக்குக் கொண்டுவந்து சேர்க்காது. பத்து ஆண்டு கழித்து விற்றவரிடம் பணம் இருக்குமா என்பதற்கும் உத்தரவாதமில்லை.

பன்னிரண்டு ஆண்டுகளாக அவர்கள் எதுவும் கேட்கவில்லையே, உரிமை போயிருக்காதா என்று மூத்த மகன் கேட்டார். கூட்டு உரிமையாளர்களில் ஒருவர் அனுபவித்துவருவது மற்றவருக்காகவும் அனுபவிப்பதாகவே சட்டம் கொள்ளும். உனக்குப் பங்கில்லை என்று வெளிப்படையாக மறுத்து விலக்கியிருந்தால்தான், நீண்ட கால அனுபவத்தாலேயே உரிமை பெறும் எதிரிடை அனுபவம் பற்றிப் பேசவே முடியும். நல்லது கெட்டதுக்கு வந்துபோகும் உறவில் அப்படி ஒன்றும் நடந்திருக்கவில்லை.

ஆகவே, சித்தப்பாவும் அத்தையும் சொத்தை விட்டுக்கொடுத்தோ விற்பவர்களாகச் சேர்ந்தோ கையெழுத்திட வேண்டும் என்று வழக்கறிஞர் நிபந்தனை வைத்தார். தனியாக விடுதலைப் பத்திரம் எழுதினால் அதற்கென்று முத்திரைத் தீர்வையும் கட்டணமும் ஆகும் என்பதால், கிரயப் பத்திரத்திலேயே அவர்களை விற்பவர்களாகச் சேர்க்கும் வழி தெரிவு செய்யப்பட்டது. மகளும் அதில் கையெழுத்திட்டு, பாட்டி வழியாக வந்த பங்கையும் விடுவதாகத் தெளிவாக எழுத வேண்டும் என்றார். பாட்டியின் இறப்புச் சான்றும், அவருக்கென்று தனி வாரிசுச் சான்றும் கேட்கப்பட்டன. நிபந்தனைகள் நிறைவேறும்வரை கடன் அனுமதிக் கடிதம் நிறுத்திவைக்கப்பட்டது.

அதன்பின் நடந்தவை

சித்தப்பா விஷயம் தெரிந்ததும் அண்ணன் பிள்ளைகளுக்காகக் கையெழுத்துப் போட ஒப்புக்கொண்டார். அத்தைக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. தம்மைக் கேட்காமல் ஒப்பந்தம் எழுதியது அவருக்கு வருத்தம். தம் பங்குக்கான பணத்தையும் கேட்டார். அவர் கேட்டது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். விற்பவர்கள் அவரோடு பேசி ஒரு தொகைக்கு உடன்பட்டார்கள். அது அவர் பெயரில் தனி வரைவோலையாகவே வர வேண்டும் என்ற ஏற்பாட்டோடு அவரும் இசைந்தார்.

இதற்குள் ஒப்பந்தக் கெடு நெருங்கிவிட்டது. தாமதத்துக்குக் காரணம் உரிமையில் இருந்த குறை என்பதால், வாங்குபவர்களின் வேண்டுகோளின் பேரில் விற்பவர்கள் ஒரு துணை ஒப்பந்தம் எழுதிக் கெடுவை நீட்டித்தார்கள். முன்பணம் பற்றிய அந்த வரியும் அதில் நீக்கப்பட்டது. மதிப்பீட்டு அறிக்கையைக் காட்டிப் பேசியதில் விலை 62 லட்சத்திலிருந்து 59 லட்சமாக இறங்கியது. கடன் 39 லட்சம் போக, கைப்பணம் 14 லட்சம் என்று நினைத்திருந்தவர்கள் 20 லட்சம் திரட்ட வேண்டியதாயிற்று. மனைவியின் வருங்கால வைப்பு நிதியிலிருந்து ஒரு பகுதியையும் உறவினரிடமிருந்து ஒரு பகுதியையும் பெற்றார்கள்.

பதிவு நாளுக்கு முன்தினம்வரை வில்லங்கம் மீண்டும் பார்க்கப்பட்டது. ஆய்வு முடிந்த நாளுக்கும் பதிவு நாளுக்கும் இடைப்பட்ட காலத்தில் வேறு ஏதும் பதிவாகியிருந்தால் முழு ஆய்வும் வீணாகிவிடும். சார்பதிவாளர் அலுவலகத்தில் தாய், இரண்டு மகன்கள், மகள், சித்தப்பா, அத்தை என ஆறு பேர் கைரேகை வைத்துக் கையெழுத்திட்ட பிறகே வரைவோலைகள் கைமாறின. தொடர்ந்து, அசல் ஆவணங்களை ஒப்படைத்ததற்கான குறிப்பாணை பதிவாகி, பிணையப் பதிவேட்டிலும் நிறுவனத்தின் உரிமை ஏற்றப்பட்டது.

நடைமுறையில் மாற்றியவையும் மாற்ற வேண்டியவையும்

உரிமையாளர் இறந்த எல்லாக் கோப்புகளிலும், வாரிசுச் சான்றிதழின் நகலோடு நிறுத்திக்கொள்ளாமல், இறந்த தேதியன்று உயிரோடு இருந்தவர்களின் பட்டியலை விற்பவர்களிடம் எழுதி வாங்குவது என்று எங்கள் பிரிவில் முடிவானது. அதில் இறந்தவரின் தாய்க்குத் தனி வரி உண்டு. அவர் முன்பே இறந்திருந்தால் இறப்புச் சான்று வேண்டும். பின்னர் இறந்திருந்தால் அவருடைய வாரிசுகளின் விவரம் வேண்டும். இறந்த தேதிக்கும் சான்றிதழ் தேதிக்கும் இடையே ஆண்டுக்கணக்கில் இடைவெளி இருந்தால், கோப்பின் முதல் பக்கத்திலேயே அதைக் குறிப்பது வழக்கமாகியிருக்கிறது.

வாங்குபவர்கள் பக்கத்தில் நான் காண விரும்பும் மாற்றம் ஒன்றுதான். பெரிய முன்பணம் கொடுப்பதற்கு முன் ஆவண நகல்களை ஒரு வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும்; அதற்கு அவகாசம் இல்லையென்றால், கடன் நிறுவனத்தின் ஆய்வில் உரிமைக் குறையோ அனுமதிக் குறையோ தெரிந்தால் முன்பணம் திரும்பக் கிடைக்கும் என்ற வாசகத்தையாவது ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும். இந்தத் தம்பதிக்கு விற்பவர்கள் நல்லவர்களாக வாய்த்ததால் 5 லட்சம் தப்பியது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

கிழக்குச் சுவர் விவகாரம் இன்னும் தீரவில்லை. கிரயப் பத்திரத்தில் மனையின் அளவு முந்தைய பத்திரத்தின்படி 2,400 சதுர அடி என்றே எழுதப்பட்டு, தற்போது கைவசம் 2,280 சதுர அடி என்பதும் குறிக்கப்பட்டது. அந்த 120 சதுர அடி கடனுக்கான மதிப்பில் சேராததால் நிறுவனத்துக்கு அதில் இழப்பு இல்லை. புதிய உரிமையாளர்கள் வட்ட அலுவலகத்தில் நில அளவைக்கு விண்ணப்பித்தார்கள். அளவர் வந்து எல்லையைக் குறித்துக் கொடுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தள்ளிக் கட்ட அவகாசம் கேட்டிருக்கிறார்.